நிலுவைச் சீட்டைத் தேடி நிமிடந்தோறும் ஓடிய லாம்ப்டா: ஒரு கட்டண ஆய்வு

மூக்கையூர் தொடங்கித் தொண்டி வரையிலான கடற்கரையில், எட்டு மீன் இறங்குதளங்களில் ஏலத்தில் மீனும் இறாலும் நண்டும் எடுக்கும் ஒரு கொள்முதல் நிறுவனத்தின் கிளவுட் கட்டணம் பற்றியது இந்த ஆய்வு. ஏலம் முடிந்ததும் எடைக்காரர் தம் கைப்பேசியில் ஓர் எடைச்சீட்டைப் பதிவு செய்கிறார். படகின் எண், மீன் வகை, எடை, கிலோ விலை ஆகியவை அதில் இருக்கும். பதிவாகிப் பத்து நிமிடங்களுக்குப் பிறகு, அந்தச் சீட்டின் தொகை படகு உரிமையாளருக்குக் குறுஞ்செய்தியாகச் செல்ல வேண்டும். பத்து நிமிட அவகாசம் விட்டதற்குக் காரணம் உண்டு: தட்டில் ஒட்டிய பனிக்கட்டியைக் கழிப்பது, வகை மாறிப் போட்டதைத் திருத்துவது போன்ற பேச்செல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். அதற்குள் செய்தி போய்விட்டால் கரையில் சண்டைதான்.

இதற்கான ஏற்பாடு எளிமையாகவே இருந்தது. சீட்டுகள் அனைத்தும் அமேசானின் டைனமோடிபி அட்டவணை ஒன்றில் சேரும். ஒவ்வொரு சீட்டிலும் `status` என்ற புலம் இருக்கும். புதிய சீட்டு என்றால் அதன் மதிப்பு `PENDING`. நிமிடத்திற்கு ஒருமுறை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் ஈவென்ட்பிரிட்ஜ் சேவை ஒரு லாம்ப்டா செயற்கூறை, அதாவது எழுப்பும்போது மட்டும் ஓடும் சிறு நிரலை, எழுப்பும். அது அட்டவணையைத் தேடி, பத்து நிமிடம் கடந்த நிலுவைச் சீட்டுகளை எடுத்து, செய்தி அனுப்பிவிட்டு, நிலையை மாற்றும். ஓடினால் மட்டுமே லாம்ப்டா காசு கேட்கும் என்பதால், இது மிகவும் மலிவான வழி என்று எல்லோரும் நம்பியதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கை குலைந்தது தடைக்காலத்தில். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் கொஞ்சம் சீட்டுகள் வந்துகொண்டிருக்கும் என்றாலும், பதிவுகளின் எண்ணிக்கை பெருமளவு சரிந்துவிடும். ஆனால் மே மாதக் கட்டணம் மார்ச் மாதத்தை விடக் குறையவில்லை. சற்றுக் கூடியே இருந்தது. வேலைக்கு ஏற்பக் கூலி என்ற முறையில் வாங்கிய ஒரு சேவையின் கட்டணம், வேலை இல்லாத மாதத்திலும் உச்சத்திலேயே நிற்கிறது என்றால், காசு வேலைக்காகப் போகவில்லை, வேலையைத் தேடுவதற்காகப் போகிறது என்று பொருள்.

கட்டணத்தில் தவறான வரியைப் பார்த்தார்கள்

நிறுவனத்தார் முதலில் ஆராய்ந்தது லாம்ப்டாவின் வரியை. நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 1,440, முப்பது நாள் மாதத்துக்கு 43,200 அழைப்புகள். பத்து லட்சம் அழைப்புகளுக்கு 0.20 டாலர் என்பது லாம்ப்டாவின் விலை. அப்படியானால் 43,200 அழைப்புகளுக்கு ஒரு சென்ட் கூட ஆகாது. (இந்த ஆய்வில் வரும் விலைகள் வட வர்ஜீனியா வட்டாரத்தின் பட்டியலைச் சார்ந்தவை, மும்பையில் சில இனங்களின் விலை கூடுதல், ஆனால் கணக்கின் போக்கு மாறாது.) அதிலும் மாதத்துக்குப் பத்து லட்சம் அழைப்புகளும், நினைவகத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் ஜிபி-வினாடிக் கணக்கில் நான்கு லட்சமும் இலவசம். இந்தச் செயற்கூறுக்கு 512 எம்பி நினைவகம் ஒதுக்கப்பட்டிருந்தது; ஒருமுறை ஓட ஏறத்தாழ 14 வினாடிகள் எடுத்துக்கொண்டது. 0.5 × 14 × 43,200 என்று பெருக்கினால் 3,02,400 ஜிபி-வினாடி. அதுவும் இலவச வரம்புக்குள் அடங்கிவிட்டது. ஆகவே லாம்ப்டா வரியில் இருந்தது பூஜ்யம்.

உண்மையில் அந்த 14 வினாடியே பெரிய துப்பு. ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கு ஒரு செயற்கூறுக்கு ஏன் 14 வினாடி வேண்டும்? ஓராண்டுக்கு முன் அதே செயற்கூறு ஒரு வினாடிக்குள் முடிந்ததை அளவீட்டு வரைபடத்தின் `Duration` கோடு காட்டியது. நிரலில் ஒரு வரி கூட மாறவில்லை. கோடு மட்டும் மாதாமாதம் மெல்ல ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

நிரலைத் திறந்தால் விடை முதல் பத்து வரிக்குள் இருந்தது. நிலுவைச் சீட்டுகளைக் கண்டுபிடிக்க அது டைனமோடிபியின் ஸ்கேன் கட்டளையைப் பயன்படுத்தி, `FilterExpression` மூலம் `status` புலத்தை வடிகட்டியது. பார்க்க, குறிப்பிட்ட சீட்டுகளை மட்டும் கேட்பது போலத்தான் இருக்கும். ஆனால் வடிகட்டல் நடப்பது அட்டவணை முழுவதையும் படித்த பிறகு. கட்டணம் கணக்கிடப்படுவது படித்த அளவுக்கு, திருப்பித் தந்த அளவுக்கு அல்ல. ஸ்கேன் ஒரு பக்கத்துக்கு 1 எம்பி என்ற வரம்புடன் பக்கம் பக்கமாகப் போகும். பக்கங்களின் பதில்களைக் கூட்டிப் பதிவேட்டில் அச்சிடச் செய்தபோது, மே மாத இரவொன்றில் கிடைத்தது இது:

```
ScannedCount: 200000
Count: 0
```

இரண்டு லட்சம் சீட்டுகளைப் படித்து, ஒன்றைக் கூட எடுக்காமல் திரும்பியிருக்கிறது. அடுத்த நிமிடமும் அதையே செய்திருக்கிறது.

ஒரு சீட்டு ஏறத்தாழ 1 கேபி. இரண்டு லட்சம் சீட்டுகள் என்றால் 200 எம்பி. டைனமோடிபியில் 4 கேபி வரை படிப்பது ஒரு வாசிப்பு அலகு. உடனடி ஒத்திசைவு தேவையில்லாத சாதாரண வாசிப்புக்கு அதில் பாதி. ஆகவே ஒரு ஸ்கேனுக்கு 25,000 அலகுகள். அதை 43,200 ஆல் பெருக்கினால் மாதத்துக்கு 108 கோடி அலகுகள். பத்து லட்சம் அலகுக்கு 0.125 டாலர் வீதம் 135 டாலர். 2024 நவம்பரில் இந்த விலையை அமேசான் பாதியாகக் குறைத்தது. அதற்கு முந்தைய விலையில் இதே கணக்கு 270 டாலராகியிருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு கொடுமை மறைந்திருக்கிறது. அட்டவணையில் 20,000 சீட்டுகள் இருந்த தொடக்கத்தில் மாதக் கட்டணம் 13.50 டாலர்தான், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு சீட்டும் தன் செய்தி அனுப்பப்பட்டுத் தன் வேலை முடிந்த பிறகும், அட்டவணையில் உட்கார்ந்துகொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கப்பட்டுக் காசு வாங்கிக்கொண்டே இருக்கிறது. வியாபாரம் கூடாமலே கட்டணம் கூடும். தடைக்காலத்தில் குறையாமல் நின்றதற்கும், சற்றே கூடியதற்கும் இதுவே விளக்கம்: நாட்டுப்படகுச் சீட்டுகள் சேர்ந்துகொண்டிருந்தன, பழைய சீட்டு எதுவும் நீங்கவில்லை.

ஏல நேரத்துக்கு மட்டும் ஓட்டினால் போதாதா

கூட்டத்தில் முதலில் எழுந்த யோசனை இதுதான், நியாயமான யோசனையும்கூட. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்களே கடலுக்குச் செல்கின்றன. கரை திரும்புவது பெரும்பாலும் மறுநாள் காலை. அந்த மூன்று காலைகளில் ஐந்து மணி முதல் பதினொரு மணி வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டினால், வாரத்துக்கு 10,080 ஓட்டங்கள் 216 ஆகக் குறைந்துவிடும். 135 டாலர் மூன்று டாலருக்குக் கீழே வந்துவிடும்.

ஈவென்ட்பிரிட்ஜின் பழைய நேர விதி உலகப் பொது நேரத்தில் மட்டுமே இயங்கும் என்பதை இதில் மறக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணி என்பது அங்கே திங்கள் இரவு 23:30. மணியை மட்டும் மாற்றிக் கிழமையை மாற்றாமல் விட்டால், படகு வராத விடியலில் செயற்கூறு ஓடும். வந்த விடியலில் தூங்கும். 2022 நவம்பரில் வந்த ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரில் `Asia/Kolkata` என்று நேர மண்டலத்தையே குறிப்பிடலாம் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இருந்தும் இந்த வழி ஏற்கப்படவில்லை. மன்னார் வளைகுடாப் பக்கத்து நாட்டுப்படகுகள் எந்தக் கிழமையிலும், மாலையிலும் கரை சேரும்; அவர்களின் சீட்டு மறுநாள் வரை காத்திருக்க முடியாது. அதோடு, ஒரு ஓட்டத்தின் விலை அட்டவணையோடு வளர்வது அப்படியே இருக்கிறது. ஓட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது காலத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவே.

கேள்வியை மலிவாக்குதல்

முதல் நாளே செய்து முடிக்கப்பட்ட மாற்றம் வேறு. நிலுவையில் உள்ள சீட்டுகளில் மட்டும் `pendingCentre` என்ற புலம் எழுதப்படும்; அதன் மதிப்பு இறங்குதளத்தின் குறியீடு. செய்தி போனதும் அந்தப் புலமே நீக்கப்படும். அந்தப் புலத்தைச் சாவியாகவும், பதிவு நேரத்தை வரிசைச் சாவியாகவும் கொண்டு ஒரு துணை இன்டெக்ஸ் உருவாக்கப்பட்டது. டைனமோடிபியில், சாவிப் புலம் இல்லாத பதிவு துணை இன்டெக்ஸில் இடம்பெறாது. ஆகவே அட்டவணையில் இரண்டு லட்சம் சீட்டுகள் இருந்தாலும், இன்டெக்ஸில் இருப்பது அந்தக் கணத்தில் நிலுவையில் உள்ளவை மட்டுமே. பெரும்பாலான நேரம் அது காலியாகவே இருக்கும்.

இப்போது எட்டுத் தளங்களுக்கும் தலா ஒரு வினவல் அனுப்ப வேண்டும். ஒன்றும் கிடைக்காத வினவலுக்கு அரை அலகு. எட்டுக்கும் சேர்த்து நான்கு அலகுகள். நிமிடத்துக்கு ஒருமுறை என்ற பழைய வேகத்தை மாற்றாமலே மாதத்துக்கு 1,72,800 அலகுகள், அதாவது இரண்டு சென்ட். இன்டெக்ஸில் ஒவ்வொரு சீட்டையும் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் ஆகும் கூடுதல் எழுத்துச் செலவு, மாதத்துக்கு 17,000 சீட்டுகளுக்கு இன்னும் இரண்டு சென்ட். இன்டெக்ஸில் சாவிகளை மட்டும் வைத்தால் போதும் என்பதால், சீட்டில் எடையையோ விலையையோ திருத்தும்போது இன்டெக்ஸுக்குச் செலவு கிடையாது.

135 டாலர் நான்கு சென்டாகியது. நிமிடந்தோறும் ஓடுவது அப்படியே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தகைய கட்டணங்களில், எத்தனை முறை கேட்கிறோம் என்பதைவிட, ஒவ்வொரு முறையும் கேள்வி எவ்வளவு தரவைத் தொடுகிறது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. என் கருத்தில், சிறு நிறுவனங்கள் பலவும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

இரட்டைச் செய்தி

இங்கே நிறுத்த முடியாமல் போனதற்குக் காரணம் காசு அன்று. விசைப்படகுகள் திரும்பும் காலைகளில் சில உரிமையாளர்களுக்கு ஒரே சீட்டின் செய்தி இருமுறை வந்தது. இரண்டு முறை மீன் போட்டதாகக் கணக்கு வருமோ என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். கணக்காளருக்குச் சிரிப்பு வரவில்லை.

குறுஞ்செய்திச் சேவை ஒரு செய்தியை ஏற்க ஏறத்தாழ ஒரு வினாடி எடுக்கும். எண்பது சீட்டுகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் ஓட்டம் ஒரு நிமிடத்தைத் தாண்டும். முந்தைய ஓட்டம் முடிந்ததா என்று நேர அட்டவணை பார்ப்பதில்லை; அடுத்த நிமிடம் இரண்டாவது ஓட்டத்தைத் தொடங்கிவிடும். முதல் ஓட்டம் இன்னும் எட்டாத சீட்டுகளை இரண்டாவதும் நிலுவை என்றே எடுத்துக்கொள்ளும். இதைக் கண்டறிவது எளிது: `ConcurrentExecutions` வரைபடம் ஒன்றைத் தாண்டும் நிமிடங்களும், புகார் வந்த நேரங்களும் ஒன்றாக இருந்தன. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் ஓடக் கூடாது என்று ஒதுக்கீட்டை 1 ஆக வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் மறுக்கப்பட்ட அழைப்புகளை லாம்ப்டா தூக்கி எறிந்துவிடாது. ஆறு மணி நேரம் வரை தன் உள்வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். இரட்டைச் செய்தி நிற்கும். வேலை முடிந்த பின்னும் வெற்று ஓட்டங்கள் பின்தொடரும்.

ஆகவே இரண்டு மாற்றங்கள் சேர்ந்து செய்யப்பட்டன. முதலாவது, தேடிப் போவதை விட்டுவிட்டு, சீட்டே வரிசையில் வந்து நிற்கும் ஏற்பாடு. எடைச்சீட்டு பதிவாகும்போதே அதன் எண்ணை மட்டும் தாங்கிய ஒரு தகவல் எஸ்.கியூ.எஸ். என்ற அமேசானின் தகவல் வரிசையில் 600 வினாடித் தாமதத்துடன் போடப்படும். பத்து நிமிடம் கழித்து அது வெளிப்படும்போது லாம்ப்டா எழும். அட்டவணையில் அந்தச் சீட்டின் அப்போதைய வடிவத்தைப் படிக்கும். இடையில் எடையைத் திருத்தியிருந்தால் திருத்திய தொகையே போகும். அதனால்தான் தகவலில் தொகையை வைப்பதில்லை. எஸ்.கியூ.எஸ். அனுமதிக்கும் உச்சத் தாமதம் 900 வினாடி. திருத்த அவகாசத்தை அரை மணியாக்க நிறுவனம் என்றாவது விரும்பினால் இந்த வழி அப்படியே உதவாது.

இரண்டாவது, அனுப்புவதற்கு முன் சீட்டைக் கைப்பற்றுதல். எஸ்.கியூ.எஸ்ஸின் சாதாரண வரிசை ஒரு தகவலை ஒருமுறையாவது தருவேன் என்றே உறுதி சொல்கிறது, ஒரே ஒருமுறை என்று அல்ல. எனவே காவல், சீட்டுகளின் அட்டவணையில்தான் இருக்க வேண்டும்:

```
UpdateExpression:    SET leaseUntil = :until
ConditionExpression: attribute_exists(pendingCentre) AND
  (attribute_not_exists(leaseUntil) OR leaseUntil < :now)
```

இந்த நிபந்தனை நிறைவேறினால் மட்டுமே செய்தி அனுப்பப்படும். அனுப்பி முடிந்ததும் `pendingCentre` நீக்கப்படும். நடுவில் செயற்கூறு செத்துவிட்டால், பிடிமானம் சில நிமிடங்களில் காலாவதியாகி அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். செய்தி போய், புலத்தை நீக்குவதற்கு முன் செத்துவிட்டால் மட்டும் இரண்டாம் செய்தி போகும். அந்தச் சிறிய இடைவெளியை முழுதாக அடைக்க வழியில்லை; ஆகவே செய்தியில் சீட்டு எண் முதலில் வருமாறு மாற்றப்பட்டது.

வரிசையும் சும்மா நிற்பதில்லை

வரிசைக்கு மாறிவிட்டால் தேடுவதே ஒழிந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் எஸ்.கியூ.எஸ். லாம்ப்டாவை எழுப்புவதில்லை. லாம்ப்டா சேவையின் பின்னணி இழைகள் அந்த வரிசையிடம் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கின்றன. தகவல் இருந்தால்தான் நம் செயற்கூறு ஓடும். காலியான வரிசைக்கும் ஐந்து இழைகள் வரை, ஒவ்வொன்றும் இருபது வினாடி காத்திருக்கும் கேள்வியோடு நிற்கும். ஐந்தும் நின்றால் நிமிடத்துக்குப் பதினைந்து கேள்விகள், மாதத்துக்கு 6,48,000. அந்தக் கேள்விகளின் காசு நம் கணக்கில்தான் சேரும்.

மாதத்துக்குப் பத்து லட்சம் கோரிக்கைகள் இலவசம். அதற்கு மேல் பத்து லட்சத்துக்கு 0.40 டாலர். ஒரு வரிசை என்றால் இலவச வரம்புக்குள் அடங்கும். முதல் வரைவில் ஒவ்வொரு இறங்குதளத்துக்கும் தனி வரிசை என்று எட்டு போட்டிருந்தார்கள். அது ஒரு மீன் கூட வராத மாதத்திலும் 51,84,000 கோரிக்கைகள் வரை ஆகி 1.67 டாலர் வரை வாங்கும். பெரிய தொகை அன்று. ஆனால் இன்டெக்ஸ் வழியில் நிமிடந்தோறும் தேடியதன் நான்கு சென்டைப் போல இது நாற்பது மடங்கு வரை. எனவே ஒரே வரிசை, தளத்தின் குறியீடு தகவலுக்குள்ளே என்று மாற்றப்பட்டது. தாமதம் தேவைப்படாத வேலையாக இருந்திருந்தால், அட்டவணையில் நடக்கும் மாற்றங்களை வரிசையாகத் தரும் டைனமோடிபியின் ஸ்ட்ரீம் வழியே லாம்ப்டாவை எழுப்புவதையே பரிந்துரைத்திருப்பேன். அந்த ஸ்ட்ரீமை லாம்ப்டா வாசிக்கும் கோரிக்கைகளுக்குக் கட்டணம் இல்லை, வடிகட்டி வைத்தால் புதிய சீட்டுக்கு மட்டுமே செயற்கூறு எழும்.

பழைய தேடலும் முற்றாக நீக்கப்படவில்லை. சீட்டு அட்டவணையில் பதிவாகி, வரிசையில் தகவல் போடுவதற்கு முன் இணைப்பு அறுந்தால், அந்தச் சீட்டை நினைவில் வைத்திருப்பவர் யாரும் இல்லை. அதனால் மணிக்கு ஒருமுறை ஒரு செயற்கூறு அந்தச் சிறிய இன்டெக்ஸைப் பார்த்து, இருபது நிமிடத்துக்கு மேல் நிலுவையில் உள்ளவற்றை மீண்டும் வரிசையில் போடுகிறது. எத்தனை கிடைத்தன என்ற எண்ணையும் பதிகிறது. அது பெரும்பாலும் பூஜ்யமாக இருக்க வேண்டும். தொடர்ந்து மேலே போனால் பதிவுப் பகுதியில் எங்கோ தகவல் தவறுகிறது என்று எச்சரிக்கை வரும்.

ஏழு நாள் கழித்து வரும் வேலை

நிமிடந்தோறும் ஓடிய பழைய செயற்கூறுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. கொள்முதல் தொகை ஏழு நாள்களுக்குள் உரிமையாளருக்குப் போகாவிட்டால் கணக்குப் பிரிவுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். இதற்கு 900 வினாடி வரிசை பயன்படாது. டைனமோடிபியில் பதிவுகளுக்குக் காலாவதி குறித்து, அது நீங்கும்போது கிளம்பும் ஸ்ட்ரீம் நிகழ்வைக் கடிகாரமாகப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் காலாவதியான பதிவு எப்போது நீங்கும் என்பதற்கு உறுதி இல்லை. சில நாள்கள்கூட ஆகலாம்.

சீட்டு பதிவாகும்போதே ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரில் ஒரே ஒருமுறைக்கான நேரம் குறித்துவிடுவது இங்கே பொருந்தியது. `at(...)` என்ற வடிவத்தில் நாளும் மணியும் கொடுத்து, `ActionAfterCompletion` என்பதை `DELETE` என்று வைத்தால், வேலை முடிந்ததும் அந்தக் குறிப்பு தானே அழியும். நேரத் துல்லியம் ஒரு நிமிட அளவுக்குத்தான். நினைவூட்டலுக்கு அது போதும். மாதத்துக்கு 1.4 கோடி அழைப்புகள் இலவசம் என்பதால் 17,000 சீட்டுகளுக்குக் கட்டணமே இல்லை.

ஏழு நாளுக்குள் பணம் போய்விட்டால் அந்தக் குறிப்பைத் தேடி அழிக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. அழிக்கலாம், ஆனால் அதற்காகப் பணப் பட்டுவாடா நிரலில் இன்னொரு சேவையின் அனுமதியையும், அது தவறினால் என்ன செய்வது என்ற கிளையையும் சேர்க்க வேண்டும். குறித்த நேரத்தில் செயற்கூறு எழுந்து, ஒரே சீட்டைப் படித்து, பணம் போயிருப்பதைக் கண்டு திரும்பினால் ஆகும் செலவு ஓர் அழைப்பும் அரை வாசிப்பு அலகும். அப்படியே விடப்பட்டது.